பல்லவியில் ஒரு மூச்சு

மூன்று வருடங்களுக்கு முன் பிரிந்துபோனவனைப் பற்றிய தன் பாட்டை பியூலா ஐந்தாவது முறையாகப் பாடி முடித்தாள்.

"இன்னும் அவரோட சண்டை போடுற மாதிரியே இருக்குக்கா," என்றான் ஒலிப்பதிவு செய்த அன்வர்.

அவள் தாளைப் பார்த்தாள். 'நீ அடைச்ச கதவ தொறந்துட்டேன், நீ மறந்த தெருவுல நடக்குறேன்.' தாளத்தின் முதல் தட்டு விழும் இடத்திலெல்லாம் அவன்தான் நின்றிருந்தான். இரண்டு 'நீ'யையும் பேனாவால் அடித்தாள். அங்கே வேறு சொல் போடவில்லை. சுருதியை மட்டும் அரைக்கட்டை ஏற்றச் சொன்னாள்.

ஆறாவது முறை, அந்தத் தட்டுகளில் நிதானமாக மூச்சை இழுத்துவிட்டு அடுத்த சொல்லை எடுத்தாள். குரல் தானாக விரிந்தது.

"அக்கா, மூச்சு சத்தம் நல்லாவே கேக்குது. வெட்டிடவா?"

"தொடாத அன்வர். மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் முழுசா விடுறேன்."