மூன்றாம் இயந்திரம் நின்ற ஐம்பது நிமிடம்

மேகநாதன் மூன்றாம் இயந்திரத்தை நிறுத்தி, பிரதான விசைக்குப் பூட்டுப் போட்டு, ‘ஜோஜாக் கும்ஜி’ என்ற சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டான். கொரிய மொழியில் இயக்காதே என்று பொருள்.

அட்டையில் பெயர் எழுதினான். காரணம் என்ற இடத்தில் ‘அச்சு துடைத்தல்’ என்று எழுதினான். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

அச்சு சுத்தமாகத்தான் இருந்தது.

முப்பத்தெட்டு விநாடிக்கு ஒரு கிம்ச்சி ஊறுகாய் டப்பா மூடியை வார்த்துக் கக்கும் இயந்திரம். அதன் முன்னால் நின்றுகொண்டு கடிதம் எழுத முடியாது.

காலையில் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸிலிருந்து தவமலர் செய்தி அனுப்பியிருந்தாள். மாதிரித் தேர்வில் எச்சரிக்கைப் பலகைக் கேள்விகள் அத்தனையும் பிழை. கொரிய வேலைக்கான தேர்வை இன்று எழுதப்போவது மூன்றாவது தடவை. இதிலும் தவறினால் கொரியாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அம்மாவோடு இருந்துவிடுகிறேன் என்று முடித்திருந்தாள். ஐந்து வருடமாகப் புருஷனை அவள் கைப்பேசிக்குள்தான் பார்க்கிறாள்.

அவன் பதில் எழுதுவதற்குள் கைப்பேசிகளை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தால்தான் திறக்கும். இங்கே பன்னிரண்டரை ஆகும்போது அங்கே காலை ஒன்பது; அப்போது அவள் கைப்பேசியைத் தேர்வு வாசலில் கொடுத்துவிட வேண்டும். இடையில் கிடைக்கும் அரை மணியில் அவள் படிக்கவும் வேண்டும். ஆகவே இப்போதே எழுதி, மணி அடித்ததும் படம் பிடித்து அனுப்புவதுதான் வழி.

வேலைத் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினான்.

‘தவம், முழு வசனத்தையும் வாசித்து மண்டையைக் குழப்பாதே. கடைசிச் சொல்லைப் பார். கும்ஜி என்று முடிந்தால் செய்யவே கூடாது. உன் அம்மா வீட்டில் நான் சிகரெட் பிடிப்பது போல. சிவப்பு வட்டம், குறுக்கே கோடு.

ஜுஇ என்று முடிந்தால் செய்யலாம், ஆனால் கவனம். உன் அண்ணனோடு கூட்டு வியாபாரம் செய்வது போல. மஞ்சள் முக்கோணம்.

சாக்யோங் என்றால் அணிந்துகொள். தலைக்கவசம், கண்ணாடி, கையுறை. நீல வட்டம். பச்சை நிறம் வழி காட்டும்; தப்பி ஓடும் கதவு, முதலுதவி எல்லாம் அதுதான்.

நிறுத்திய இயந்திரத்தில் அட்டையைத் தொங்கவிட்டவன்தான் அதைக் கழற்ற வேண்டும். முதலாளியின் அப்பன் வந்தாலும் மற்றவன் தொடக்கூடாது. இதைக் கட்டாயம் கேட்பார்கள்.’

பக்கத்திலேயே வட்டமும் முக்கோணமும் வரைந்து நிறத்தின் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் க்வாக் வந்து நின்றார்.

க்வாக்குக்கு இடக்கையில் மூன்றரை விரல். மிச்சம் ஒன்றரையை, அவர் அச்சுக்குள் கை விட்டிருந்தபோது அட்டையைக் கழற்றி விசையைப் போட்ட ஒரு புண்ணியவான் எடுத்துக்கொண்டான். அதனால் அவர் யாருடைய அட்டையையும் தொடமாட்டார். மேகநாதன் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் பூட்டியிருந்தான்.

“அச்சத் துடைக்கிறியா, இல்ல அச்சுக்குக் காதல் கடிதம் எழுதுறியா?” என்றார்.

இனி மறைத்து என்ன? தன் அரைகுறைக் கொரிய மொழியில் எல்லாவற்றையும் கொட்டினான். பெண்டாட்டி, பஸ், மூன்றாவது தடவை.

க்வாக் தாளை வாங்கிப் பார்த்தார். தமிழ் அவருக்குப் புழு நெளிவது போலத்தான் தெரிந்திருக்கும். படங்களின் மேல் மட்டும் கண் நின்றது. அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. மூடி எங்கே என்று முதலாளி கேட்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். க்வாக் அசையவில்லை.

பேனாவைப் பிடுங்கி, முனையில் நிற்கும் சாய்சதுரம் ஒன்றை வரைந்து, சிவப்பு என்று குறித்தார். உள்ளே ஒரு தீச்சுவாலை.

“இத விட்டுட்டியேடா மடையா. சிவப்பா இருக்கேன்னு தடைன்னு போட்டுடுவா. இது எச்சரிக்கை. பக்கத்துல தீப்பிடிக்கிற சாமான் இருக்குன்னு அர்த்தம். எல்லாரும் விழுற குழி இதான்.”

ஐந்து வருடம் அதே படம் ஒட்டிய இரசாயனப் பீப்பாயைத் தினமும் தாண்டிப் போயும் மேகநாதன் அதைக் கவனித்ததில்லை.

அதையும் எழுதினான். சாய்சதுரத்தை மறக்காதே என்று அடிக்கோடு போட்டான்.

க்வாக் போய், ஒரு கோப்பும் கைப்பேசியுமாகத் திரும்பி வந்தார். மாதாமாதம் எல்லாரும் கையெழுத்துப் போடும் பாதுகாப்பு வகுப்புத் தாள். அப்படியொரு வகுப்பை அந்தத் தொழிற்சாலையில் யாரும் கண்ணால் கண்டது கிடையாது. கையெழுத்து மட்டும் தவறாமல் நடக்கும்.

தாளோடும் படங்களோடும் மேகநாதனை நிறுத்திச் சாட்சிக்கு ஒரு படம் எடுத்தார். நேரம் பதினொன்று பத்திலிருந்து பன்னிரண்டு வரை என்று குறித்தார். ஆசிரியர் என்ற இடத்தில் மேகநாதன் பெயரைப் போட்டார். முதலாளி கேட்டால் காட்டுவதற்கு இது போதும்.

பிறகு மாணவர் என்ற இடத்துக்கு வந்து பேனாவை நிறுத்தினார்.

“உன் பெண்டாட்டி பேர மெதுவாச் சொல்லு.”