அந்த ஒன்பது வருஷம்

"அழுத்தக் கூடாதும்மா. அதுவா இறங்கணும்."

"அவ்வளவுதானா? இதுக்கா மாப்பிள்ளை ஒன்பது வருஷம் வீட்டோட கிடந்தீங்க?"

சோபாவிலிருந்து கேட்டவர் மச்சான், மனைவியின் அண்ணன். மடியில் லேப்டாப். தங்கை கணவனுக்காக ஒரு வேலை விண்ணப்பத்தை அவரே நிரப்பிக்கொண்டிருந்தார்.

அவன் கட்டிலருகே நின்றிருந்தான். எதிரே நின்ற இளம்பெண்ணின் கையில் ஊசியில்லாத ஒரு பெரிய சிரிஞ்சு, அதன் நுனியில் நேரே வயிற்றுக்குப் பால் கொடுக்கும் மெல்லிய குழாய். இதைக் கற்றுக்கொள்ளக் காலையில்தான் வந்திருந்தாள்.

"குழாயைத் திறக்கறதுக்கு முன்னாடி இந்த கிளிப்பைப் போட்டுடுங்க. இல்லேன்னா வயித்துக்குள்ள காத்து போயிடும். முதல்ல வெதுவெதுப்பா தண்ணி. அப்புறம் பால். தேங்கி நின்னா கையைக் கொஞ்சம் உயர்த்துங்க, தள்ளாதீங்க."

"படுக்க வெச்சே கொடுக்கலாமா சார்?"

"கூடவே கூடாது." கட்டிலின் கால்மாட்டிலிருந்த கைப்பிடியைச் சுற்றினான். தலைப்பக்கம் மெல்ல எழுந்தது. செய்துகாட்டுவதற்காக அதில் கிடத்தியிருந்த நீளத் தலையணை சரிய, அதைப் பதறிப் பிடித்தான். "கொடுத்து முடிச்சு அரைமணி நேரம் இப்படியே இருக்கணும். சளி உறிஞ்சற வேலையைப் பாலுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. பின்னாடி பண்ணினா வாந்தி வரும். வாந்தி மூச்சுக்குள்ள போச்சுன்னா..." தலையணையைச் சரிசெய்தான்.

மச்சான் சிரித்தார். "ஒரு தலையணைக்கு இவ்வளவு உபசாரமா! எனக்கு இப்படிச் செய்ய ஆள் கிடைச்சா நானும் ராஜினாமா பண்ணிட்டுப் படுத்துடுவேன். சரி, இங்க கேக்கறான்: நடுவில் ஒன்பது வருடம் என்ன செய்தீர்கள்? என்ன போட?"

"பொண்ணைப் பார்த்துக்கிட்டேன்னு போடுங்க."

"அது வேலையா? என் தங்கச்சி ஆபீசுக்குப் போய்ச் சம்பாதிச்சா, நீங்க டயப்பர் மாத்தினீங்க. அதையா எழுதறது? கடை வெச்சேன், நொடிச்சுப்போச்சுன்னு போடறேன். ஆம்பளை கடை வெச்சு நொடிச்சாக்கூட ஒரு மரியாதை இருக்கு."

"மெதுவா பேசுங்க மச்சான்."

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. மனைவி அங்கே படுத்திருந்தாள்.

"திங்கக்கிழமை கிடங்குல சேரணும். மேனேஜர்கிட்ட நான் வாக்குக் கொடுத்துட்டேன். இனிமேலாவது நாலு பேரைப் போல சட்டையைப் போட்டுக்கிட்டு வெளியே கிளம்புங்க."

அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "முதுகு சிவந்துபோனா என்ன சார் பண்றது?"

"விரலால அழுத்திப் பாருங்க. வெளுத்து, திரும்பச் சிவந்தா பயமில்லை. அழுத்தியும் வெளுக்கலேன்னா அந்தப் பக்கம் படுக்க வைக்காதீங்க. குதிகால் மெத்தையில படவே கூடாது. கெண்டைக்கால் கீழே துணியை மடிச்சு வையுங்க. ரெண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போடணும்."

"ராத்திரியுமா?"

"ராத்திரியும்தான்."

"அப்போ நீங்க எப்ப சார் தூங்குவீங்க?"

இந்த வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. அவன் குழாயைச் சுருட்டினான்.

"நின்னுக்கிட்டே" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரியில நர்ஸம்மா சொன்னாங்க சார். இத்தனை வருஷத்துல உங்க பாப்பா உடம்புல ஒரு புண்கூட வந்ததில்லையாம். புதுசா வர்ற டாக்டருங்க நம்பவே மாட்டாங்களாம். போய் அவர்கிட்ட கத்துக்கோன்னு அவங்கதான் அனுப்பினாங்க."

"பார்த்தீங்களா, அந்தப் பொண்ணு ஒரே காலையில எல்லாத்தையும் கத்துக்கிச்சு!" என்றார் மச்சான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எந்தக் கடைன்னு போட? ஸ்டேஷனரியா, மொபைலா?"

வாசலில் செருப்புச் சத்தம். அந்தப் பெண்ணின் கணவன், பின்னால் வண்டிக்காரர்.

"சார், வண்டி கீழே நிக்குது. எங்க பையனை அம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கோம், அவங்களுக்குச் சளி எடுக்கத் தெரியாது." வந்தவன் குரல் தாழ்ந்தது. "கட்டிலை எடுத்துக்கட்டுமா?"

தலையணையை இரண்டு கைகளாலும், கழுத்துப்பக்கம் தாங்கி, தகப்பன் தூக்கிக்கொண்டான். போன மாதக் கடைசியில் மூச்சு அடங்கும் வரை மகள் படுத்திருந்த கட்டில், சாய்ந்து, வாசலில் இடித்து, படியிறங்கியது.

"மச்சான், கடைன்னு மட்டும் போட்டுடாதீங்க. அவளைப் பார்த்துக்கிட்டேன்னே போட்டுடறீங்களா?"