மெசேஜின் மறுபாதி

உடப்புக் கடற்கரையில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்த அன்னலட்சுமிக்குக் கணவனின் மெசேஜ் இங்கிலீஷ் எழுத்தில் வந்தது: “நான் பஸ்ஸில வாறன், ஐசி நம்பர் எவன்ன…”

“கொழும்பு யாவாரத்தில சிங்களமும் கலந்துபோச்சு. ‘அடையாள அட்டை நம்பர் அனுப்பு’ எண்டு கேக்கிறார். ஏனெண்டு எழுதேல்ல,” என்றாள்.

“செக்பொயின்டில மறிச்சிருப்பாங்க. உடன அனுப்புங்கம்மா,” என்றாள் மகள் சுகந்தி.

“கேட்டிட்டு அனுப்புவம்.”

அவரைப் போலவே கலந்து எழுதினாள்: “விளங்கேல்ல. கார்டைத் தொலைச்சிட்டீங்களா? நம்பர் விதரத?”

“நம்பர் விதரயி.” நம்பர் மட்டும்தானாம்.

நிம்மதியாக அனுப்பினாள். உடனே போன் அடித்தது. ஒரு பெண் சிங்களத்தில் பேசினாள்.

“ஆஸ்பத்திரி நர்ஸ் பேசுகிறேன். பஸ்ஸில் குண்டு வெடித்தது. அவருடைய கார்ட் எரிந்துவிட்டது. பெயரில்லாமல் பிரேத அறைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உங்கள் பதிலில் சிங்களம் மட்டும்தான் விளங்கியது. மெசேஜின் முதல் பாதி அவர் எழுதி அனுப்பாமல் இருந்தது, அக்கா. மிச்சம் நான் எழுதினேன்.”