பத்துக்கு இரண்டு

பள்ளி வாலிபால் அணியை இப்போது பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டும் மின்னணுக் கைப்பட்டைதான் தேர்ந்தெடுக்கிறது. குதிக்கும் உயரம், சர்வ், வருகை எல்லாவற்றையும் அதுவே எண்ணிக்கொள்ளும். பயிற்சியாளர் கையால் போடுவது 'அணி மனப்பான்மை' என்ற ஒரே மதிப்பெண்தான்.

பட்டியலில் மெர்சியின் பெயர் இல்லை. அவள் அம்மா ஜெசிந்தா முதலில் பயிற்சியாளரிடமே போய்க் கேட்டாள்.

"நான் என்னம்மா பண்ண? மெஷின் எடுத்தது" என்றார் அவர்.

ஜெசிந்தா வாதாடவில்லை. மற்றப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல், மகளின் மதிப்பெண் விவரத்தை மட்டும் கேட்டுத் தலைமையாசிரியைக்கு மனு கொடுத்தாள். நகலில் முத்திரையும் வாங்கிக்கொண்டாள். மூன்று முறை அலைந்தபின் விவரம் கிடைத்தது. மற்ற எல்லாவற்றிலும் மெர்சி முதலிடம். மனப்பான்மைக்கு மட்டும் பத்துக்கு இரண்டு. அதைப் போட்ட தேதி ஜூன் நான்கு.

"தேர்வு நடந்தது பதினெட்டாம் தேதி மிஸ். நாலாம் தேதி, சார் தனியா காசு வாங்கி நடத்துற சாயங்கால கோச்சிங்குக்கு இவ இனிமே வரமாட்டான்னு நான் மெசேஜ் போட்ட நாள். இதோ பாருங்க" என்று ஜெசிந்தா கைபேசியை நீட்டினாள்.

தலைமையாசிரியை இரண்டு தேதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை மறுதேர்வு வைக்கிறேன். வேற பள்ளி கோச் வந்து பார்ப்பாங்க."

வெளியே வந்ததும் மெர்சி கேட்டாள். "அடுத்த வருஷமும் அந்த மார்க்கை சார்தானேம்மா போடுவாரு?"

ஜெசிந்தா அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"அதுக்கும் ஒரு மனு எழுதிடுவோம். நோட்டுல ஒரு தாள் கிழிச்சுக் குடு."