சாமிக்கு வைத்த தேன்

2025 யூலை 12, சனிக்கிழமை, பூவரசங்குளம். நாளைய அபிசேகத்துக்கென்று கிருசாந்தி எடுத்துவைத்த தேன்போத்தலுக்குள், லண்டனிலிருந்து வந்த அத்தான் தான் கொண்டுவந்த வரிவெட்டிய மரக்கரண்டியை விட்டெடுக்கிறார். சுழற்றும்வரை தேன் வரிகளுக்குள்ளேயே நிற்கிறது. நிறுத்தியதும் தடித்த கயிறாக இறங்கி, கீழே சுருள் சுருளாக விழுந்து மெல்ல அமிழ்கிறது. யன்னல் வெயில் அதை ஊடுருவி மேசையில் மஞ்சளாய்ப் படிகிறது.

"என்ன வடிவு, பாத்தியே!" என்றபடி கரண்டியை வரி வரியாக நக்கிவிட்டு, திரும்பவும் போத்தலுக்குள் விடுகிறார்.

"ஐயோ அத்தான், அது சாமிக்கு வைச்சது!"

"தேன் பழுதாகாது மச்சாள். சாமி ஒண்டும் சொல்லாது."

அவள் போத்தலை இழுத்து வெயிலில் பிடித்துப் பார்க்கிறாள். எச்சில் நுரையின் குமிழிகள் அந்தத் தடிப்புக்குள் மேலெழ வழியின்றித் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் வெயில் மினுங்குகிறது.

மறுநாள் அபிசேகத்தில் தேன் இல்லை. அத்தான் அதைப் பாணில் பூசிச் சாப்பிடுகிறார்.