யார் போட்ட ஒரு ஸ்டார்?

"எந்தப் பாவி வேலடா இது?"

திருச்செல்வம் போனை மேசையில் வைத்த வேகத்தில் கிளாஸில் இருந்த தே தாரிக் டீ தளும்பியது.

பிரிக்பீல்ட்ஸ் மாமாக் சாப்பாட்டுக் கடையில் எதிரே உட்கார்ந்திருந்த ஹைதர் போனை எடுத்துப் படித்தான். அவனும் திருச்செல்வத்தைப் போலவே அதே வாடகைக் கார் ஆப்பில்தான் ஓட்டுகிறான்.

"உங்கள் கணக்கு இரண்டு நாளுக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது. காரணம்: பயணி ஒருவரின் பாதுகாப்புப் புகார். ஓட்டுநர் தூங்கி வழிந்தார்."

"நான் தூங்குனேனாம்டா! கண்ணைக்கூட மூடல!"

"ரேட்டிங் என்ன ஆச்சு?"

"நாலு புள்ளி எட்டுக்குக் கீழ எறங்கிடுச்சு. இந்த வாரம் போனஸ் போச்சு. அதுக்குத்தானே ராத்திரி பகலா ஓடுனேன்? இன்னும் கொஞ்சம் ட்ரிப்தான் பாக்கி."

ஹைதர் உச்சுக் கொட்டினான். "கடைசியா வந்த நூறு ரேட்டிங்கத்தான் கணக்குப் பண்றான். பாதிப் பேரு ஸ்டாரே போடறதில்ல. ஒருத்தன் ஒண்ணு போட்டா, அது கரைஞ்சு போக எவ்வளவு நாளாகும்! அதுகூடப் பரவால்ல. சும்மா ஒரு ஸ்டார்னா விட்டுருவான். பாதுகாப்புன்னு அமுக்கிட்டா நம்மள நிறுத்திட்டுத்தான் விசாரிப்பான்."

"யாருன்னு பேரு காட்ட மாட்டேங்கறானே!"

"காட்டுனா நீ அவன் வீட்டுக்குப் போய் நிப்ப. அதான் காட்டல. சரி, இன்னைக்கு யார் யார ஏத்துன?"

திருச்செல்வம் யோசித்தான். "காலையில ஒரு சீனத்தி ஆன்டி. பாசார்ல எறக்கி, காய்கறிப் பையெல்லாம் நானே தூக்கிக் குடுத்தேன். அப்புறம் என் வீட்டுக்காரிய ஷா ஆலம் ஃபேக்டரில விட்டேன். பஸ்ஸ விட்டுட்டா, பாவம். போனஸுக்கு ஒரு ட்ரிப் சேரட்டும்னு ஆப்புலயே புக் பண்ணா. அப்புறம் ரெண்டு காலேஜ் பொண்ணுங்க. ஏறுனதுல இருந்து எறங்குற வரைக்கும் போனுதான். அப்புறம்..."

சட்டென்று நிமிர்ந்தான்.

"கிள்ளான்ல ஏறுனான் ஒருத்தன். இந்தத் தெருவுலதான் எறங்குனான். பிரிண்டிங் கடை வெச்சிருக்கான். வழி பூரா உர்ருன்னு வந்தான். எறங்கும்போது 'ஃபைவ் ஸ்டார் போடுங்க அண்ணே'ன்னேன். பதிலே சொல்லல. அவன்தான்!"

"வேணாம்லா மச்சான். கம்ப்ளைன்ட் பண்ணான்னா கணக்கையே மூடிருவாங்க."

திருச்செல்வம் அதற்குள் சாலையைக் கடந்துவிட்டான்.

பிரிண்டிங் கடையில் அதன் முதலாளி சிவநேசன் கல்யாணப் பத்திரிகை ஒன்றுக்கு உறை ஒட்டிக்கொண்டிருந்தார். கோபத்தோடு வந்து நிற்பவனைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்னண்ணே, பொருள் எதும் காடியில விட்டுட்டேனா?"

"பொருள விடல. என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்க. நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்? ஏசி போடலையா? சுத்தி வந்தேனா? எதுக்கு ஒரு ஸ்டார் போட்டீங்க?"

சிவநேசன் தன் போனை எடுத்தார். பழைய பயணங்களைத் தேடி, அன்றைய பயணத்தைத் திறந்து, திருப்பிக் காட்டினார்.

ஐந்து ஸ்டார்.

திருச்செல்வத்துக்குக் குரல் இறங்கியது. "மன்னிச்சிருங்கண்ணே. யாரோ நான் தூங்குனேன்னு பொய் எழுதிட்டாங்க. அந்தக் கோவத்துல..."

"பொய்யில்லண்ணே."

"என்ன?"

"ஃபெடரல் ஹைவேல ரெண்டு தடவ உங்க தல சாஞ்சுது. ஒரு தடவ பக்கத்துல வந்த லோரி ஹார்ன் அடிச்சதுனாலதான் முழிச்சீங்க. நான் சீட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, வீடு போய்ச் சேருவேனான்னு உக்காந்திருந்தேன். பயத்துல பேச்சே வரல."

"அப்ப எப்படிண்ணே அஞ்சு போட்டீங்க?"

"ஸ்டார் குறைஞ்சா உங்களுக்கு வருமானம் போயிரும்னு சொல்றாங்க. உங்க வயித்துல அடிக்க மனசு வரல. நாம எறங்கிட்டோம்ல, இனிமே என்னன்னு அஞ்சைத் தட்டிட்டேன்."

திருச்செல்வத்துக்கு அந்த லோரி ஹார்ன் நினைவுக்கு வந்தது. ஓட்டுபவன் திமிரில் அடிக்கிறான் என்று அப்போது திட்டியிருந்தான். 

ஹைதரிடம் சொல்லிக்கொள்ளாமலே காரை எடுத்தான். கிள்ளானில் இருக்கும் தன் வீடு போய்ச் சேரும்வரை இரண்டு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுக்கொண்டே ஓட்டினான்.

வீட்டில் மனைவி லெட்சுமி அப்போதுதான் வேலை முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இன்னைக்கு இவ்வளவு சீக்கிரம்?"

"ரெண்டு நாளைக்கு ஓட்ட முடியாது. கணக்க நிறுத்திட்டான். யாரோ நான் தூங்குறேன்னு எழுதி ஒரு ஸ்டார் போட்டிருக்காங்க. போனஸும் போச்சு." அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "நெசமாத்தான் தூங்கியிருக்கேன் லெட்சுமி. எனக்கே தெரியல. நான் தூங்குனதப் பாத்த பேசஞ்சர் ஒருத்தரு பாவம் பாத்து அஞ்சு போட்டிருக்காரு. வேற எவனோதான் உண்மையச் சொல்லியிருக்கான். யாருன்னுதான் தெரியல."

லெட்சுமி அடுப்பை அணைத்தாள். அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நான்தான்."

"நீயா?"

"காலையில பின்னாடி உக்காந்து தோளத் தட்டித் தட்டி எழுப்புனேன். 'தூங்கலடி, தூங்கலடி'ன்னே ஓட்டுனீங்க. போன வாரமும் சொன்னேன், அதுக்கு முந்தின வாரமும் சொன்னேன்." அவள் குரல் உடைந்தது. "பொண்டாட்டி சொன்னாத்தான் கேக்க மாட்டீங்க. பேசஞ்சர் சொன்னா கேட்டுத்தானே ஆகணும்!"