பளபளக்கும் ஒரு ஜோடி

சீக்கியர் கோயிலான குருத்வாராவின் செருப்பறையில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. உள்ளேயிருந்து, கடவுள் ஒருவரே என்று பாடும் குரல்கள். பேர்போன இதய மருத்துவர் தலைப்பாகையோடு சம்மணமிட்டு, கும்பிட வந்தவர்களின் செருப்புகளைத் துடைக்கிறார். ஒவ்வொரு துடைப்புக்கும் உதட்டில் ‘வாஹேகுரு’ என்ற திருநாமம். ‘நான்’ தேயத்தான் இந்தச் சேவை. ஆனால் வாசலில் யாரோ நின்று பார்த்ததும் கை வேகமெடுக்கிறது, நாமம் நின்றுபோகிறது. ஒரு கறுப்பு ஜோடியைக் கண்ணாடிபோல் மினுக்கித் தூக்கிக் காட்டுகிறார். பக்கத்தில் டோக்கன் கொடுக்கும் மனைவி முக்காட்டு நுனியால் வாயைப் பொத்துகிறாள். “ஏங்க, அது உங்க ஷூதாங்க!” அறையே குலுங்கச் சிரிக்கிறது, அவர் சிரிப்புதான் எல்லாவற்றையும்விடப் பெரிது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேறு அப்பிய ஒரு குழந்தைச் செருப்பை எடுத்து மடியில் வைக்கிறார். வாஹேகுரு, வாஹேகுரு. இப்போது வாசலில் கூட்டமே நிற்கிறது. அவருக்குத்தான் தெரியவில்லை.